வெயிலில் நின்ற முகத்தை வெளுக்காதீர்கள்

கொங்கு வட்டாரப் பத்திரிகைகளின் படப் பிரிவில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும், பக்கம் முடித்து அனுப்பும் மூத்த ஆசிரியர்களுக்கும்,

வணக்கமுங்க. ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். 22 ஆண்டுகளாகச் செய்திப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். உங்களில் பலரோடு ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் பேசியவன். நான் எடுத்த ஒரு படத்துக்கு நேர்ந்ததைச் சொல்லி, அதை வைத்து உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

போன பிப்ரவரியில், ஈரோட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் பாலிஷ் போடும் ஒரு கொட்டகைக்குப் போயிருந்தேன். வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சளைப் பீப்பாயில் போட்டுச் சுற்றும்போது மேல்தோல் உரிந்து தூசியாகப் பறக்கும். மூக்கை மூட ஒரு துண்டுத் துணி மட்டும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதில் நிற்பவர்களைப் பற்றிய செய்தி அது. நான் எடுத்தது ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்காவின் முகம். புருவத்திலும் இமையிலும் கன்னச் சுருக்கத்திலும் மஞ்சள் தூசி அப்பியிருந்தது. வலது புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு. பின்னால் திறந்த வாசல், பதினோரு மணி வெயில்.

மறுநாள் அச்சில் வந்த முகத்தில் தூசி இல்லை, தழும்பு இல்லை, சுருக்கம் பாதிதான் இருந்தது. நிறம் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. கழுத்தும் கையும் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தன. பத்திரிகையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இது என்ற மூஞ்சியா?” என்றார். அப்புறம் சொன்னார்: “பவுடர் போட்டுக்கிட்டுப் போட்டோக்கு நின்னயான்னு எல்லாருங் கேக்கறாங்க.” செய்தியோ தூசியைப் பற்றியது. அதைப் படத்தில் தேடிப் பார்த்தாலும் கிடைக்காது.

படத்தைத் திருத்திய தம்பியிடம் பேசினேன். நல்ல பையன். “அண்ணா, கறுப்பா இருந்துச்சு, கொஞ்சம் தூக்கிவிட்டேன். மஞ்சளா அடிச்சுது, ஆட்டோ கலர் குடுத்தேன். முகம் கொஞ்சம் கிளீன் பண்ணேன். அவங்களுக்கு நல்லாதான இருக்கும்?” என்றான். கல்யாண ஆல்பம் வடிவமைத்துப் பழகிய கை. உங்களில் பலர் அந்த வழியாகத்தான் வந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஸ்டுடியோவில் காசு கொடுக்கிறவர் தன் முகத்தை அழகாக்கச் சொல்லிக் கேட்கிறார். அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேல் பென்சிலால் சுருக்கத்தை மறைத்ததும் அதற்குத்தான், அதில் தப்பே இல்லை. கொட்டகை அக்கா யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிற வாசகரும் அந்தக் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பார்க்கிறார்.

தம்பி செய்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் முதல் காரியத்தில் பாதி சரி.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு ஒளியளவைச் சொல்லும். பின்னால் வெயில் அடிக்கும் வாசல் இருந்தால் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். கறுத்த முகம் இன்னும் கறுத்துப் போகும். என் படத்தில் அந்த அக்காவின் முகம் நான் கண்ணால் பார்த்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் இருட்டாக விழுந்திருந்தது. அதைத் தூக்கித்தான் நானே அனுப்பினேன். கண் பார்த்ததைக் கேமரா தவறவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். இருட்டறையில் கையை வைத்து ஒளியை மறைத்தும் கூட்டியும் செய்த அதே வேலை இது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் விதிகளும் இதை அனுமதிக்கின்றன. தெளிவாகவும் உண்மையாகவும் காட்ட எவ்வளவு தேவையோ அந்த அளவுக்கு மட்டும் என்பது அவர்களின் கணக்கு. அதே விதிகளில், ஃபிளாஷ் பட்டுச் சிவந்த கண்ணைக்கூடத் திருத்தக் கூடாது என்று இருக்கிறது. கண்ணின் சிவப்புக்கே அனுமதி இல்லை என்றால் தழும்புக்கு எங்கே அனுமதி?

இருட்டைத் தூக்குவது எந்த இடத்தில் தோலை வெளுப்பதாக மாறுகிறது? அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே வெளிச்சத்தில் இருக்கும் இரண்டு தோல் பகுதிகளை எடுத்துக்கொண்டு ஃபோட்டோஷாப்பில் அவற்றின் அளவைப் பாருங்கள். நான் அனுப்பிய படத்தில் கன்னத்தின் சிவப்பு அளவு 118, கழுத்தில் 112. அச்சுக்குப் போன கோப்பில் கன்னம் 176, கழுத்து 114. படம் முழுக்கத் தூக்கியிருந்தால் கழுத்தும் கூடவே ஏறியிருக்க வேண்டும், பின்னால் கிடந்த வெள்ளைச் சாக்கு விவரமே தெரியாமல் வெளுத்துப் போயிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. முகத்தை மட்டும் தனியாக வெட்டியெடுத்து வெளுத்திருக்கிறார்கள் என்று அந்த 62 புள்ளி வித்தியாசமே சொல்லிவிடுகிறது. எண் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால் தாடையோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகமூடி மாட்டியதுபோல ஒரு கோடு தெரியும்.

ஆட்டோ கலர் செய்தது இன்னொரு கேடு. ஒரு நிறம் தூக்கலாக இருந்தால் அதை விளக்கொளியின் கோளாறு என்று நினைத்து மென்பொருள் அதற்கு எதிர்நிறத்தைச் சேர்க்கும். மஞ்சள் கொட்டகையில் மஞ்சள்தான் செய்தி என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீலத்தைக் கூட்டிவிட்டது, தூசி வெளுத்துச் சாம்பல்போல ஆனது. அந்தச் சாம்பலை அழுக்கு என்று நினைத்து ஸ்மூத் தூரிகை துடைத்துவிட்டது. தம்பி தெரிந்தே மறைத்தான் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தப்பு அடுத்த தப்புக்கு வழிவிட்டது. அதனால்தான் இந்த விதிகள் மனதில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை, கை என்ன செய்தது என்று மட்டும் கேட்கின்றன.

‘நாளிதழ்த் தாளில் கறுத்துப் போகுமே அண்ணா’ என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். மையைத் தாள் உறிஞ்சுவதால் கோப்பில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி அச்சில் 75 போலப் பரவுகிறது. அதை ஈடுகட்டப் படத்தை வெளிச்சமாக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைப் படம் முழுக்கச் செய்யுங்கள். தாளுக்காக வெளிச்சமாக்கிய அதே கோப்பை இணையப் பக்கத்திலும் போனிலும் ஏற்றாதீர்கள். திரையில் மை பரவாது, அங்கே எல்லாரும் வெளுத்துத்தான் தெரிவார்கள். நம் ஊர்ச் செய்திகளில் முகங்கள் வெளிறித் தெரிவதற்கு இந்தச் சோம்பேறித்தனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெளியூரிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1994 ஜூன் 27 தேதியிட்ட அமெரிக்காவின் டைம் இதழ், கொலை வழக்கில் கைதான கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்சனைப் போலீஸ் எடுத்த படத்தை இருட்டாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை இருந்தபடியே போட்டது. இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோது, கறுப்பாக்கினால் குற்றவாளியாகத் தெரிவான் என்ற எண்ணம்தானே இது என்று ஜனம் கேட்டது. வெளுத்தால் மரியாதையாகத் தெரியும் என்ற நம்முடைய எண்ணம் அதன் மறுபக்கம். மூன்று வருடம் கழித்து அதே நியூஸ்வீக், ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தை பெற்ற அமெரிக்கத் தாயின் கோணல் பற்களை நேராக்கி அட்டையில் போட்டது. டைம் அட்டையில் அவர் தன் பற்களோடே சிரித்தார். நிழல் விழுந்த வாயை வெளிச்சமாக்கப் போய் எல்லை மீறிவிட்டது என்பதுபோல நியூஸ்வீக் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. நம் தம்பி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். நல்லெண்ணம்தான், ஆனால் அந்தத் தாய் தன் பல்லைத் திருத்தச் சொன்னாரா?

எனக்கு ரொம்ப வலிப்பது இதுதான். கட்சிக்காரர் நரைத்த மீசையோடு வந்தால் அப்படியே போடுகிறோம், அவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். சுமை தூக்குபவர், சாயப்பட்டறைத் தொழிலாளி, பஞ்சாலைப் பெண் என்றால் கேட்காமல் கை வைக்கிறோம். சாயப்பட்டறைக்காரர் விரலில் ஏறிய நீலமும், கல்குவாரிக்காரர் இமையில் படிந்த வெள்ளையும் அவர்கள் வேலை செய்யும் இடத்தின் சாட்சி. நாளைக்கு ஒருவருக்கு மூச்சுக் கோளாறு என்று வழக்குப் போனால், இந்த இடத்தில் இவ்வளவு தூசி இருந்தது என்று காட்ட அந்தப் பத்திரிகைப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கலாம். அதை நாமே துடைத்துவிட்டால் முதலாளியின் வக்கீலுக்கு வேலை மிச்சம்.

முகத்தைத் தொட்டே தீர வேண்டிய ஓர் இடம் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரையோ, வழக்கில் சிக்கிய சிறுவர்களையோ அடையாளம் காட்டக் கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது. அங்கேயும் கையை மட்டுமோ முதுகுப்புறத்தையோ எடுத்து வருவதுதான் முதல் வழி. முடியாதபோது மறைத்தால், மறைத்திருக்கிறோம் என்று பார்த்த உடனே தெரிகிற மாதிரி மறையுங்கள். வேறு முகம்போலத் தெரியும்படி மூக்கையும் கண்ணையும் மாற்றி வைப்பது அதைவிட மோசம். இல்லாத ஒரு மனுஷியைச் செய்தியில் நிறுத்துகிறோம், அந்தச் சாயலில் ஊருக்குள் வேறொருத்தி இருந்துவிட்டால் அவள் கதி என்ன?

அப்புறம் நீங்கள் திருத்தாமலே திருத்தப்பட்டு வரும் படங்கள். போனின் அழகு முறை எடுக்கும்போதே தோலை வழித்துவிடுகிறது, அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. அப்படிப் படம் வந்தால் அனுப்பியவரிடம் அந்த முறையை அணைத்துவிட்டு எடுத்த வேறு படம் கேளுங்கள். இல்லையென்றால் படம் இல்லாமலே செய்தியைப் போடுங்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எந்தக் கருவியையும் ஓட்டாதீர்கள். சென்சாரில் ஒட்டிய தூசியைத் துடைக்கலாம், தோலில் ஒட்டிய தூசியைத் துடைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் எடுத்தவனுக்குப் போன் போடுங்கள். எந்நேரமானாலும் எடுப்பேன். எடுத்த கோப்பையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் இனி ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன்.

பிப்ரவரியில் வந்த அந்தப் படம் உங்கள் இணையப் பக்கத்தில் இன்னும் வெளுத்த முகத்தோடுதான் கிடக்கிறது. அசல் கோப்பை இந்த மடலோடு மறுபடி அனுப்பியிருக்கிறேன். அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், கீழே ஒரு வரியில் திருத்தம் என்றும் எழுதுங்கள். போட்டதும் எனக்குச் சொல்லுங்கள், அக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து ஒரு படக்காரன்