எறிந்த யூரியா எங்கே போகிறது: காய்ச்சலில் கிடக்கும் மச்சானுக்கு

அறிவியல் நகர்,
கிளிநொச்சி.

அன்பின் மச்சான்,

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கண்ணுக்குப் பின்னால் இன்னும் குத்துகிறது என்று உன் தம்பி சொன்னான். டெங்கு வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே போனைத் தூக்கிக்கொண்டு லெக்சர் றெக்கோடிங் பார்க்கப் போகாதே. ஒட்டுசுட்டானில் உங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்கிற அழகுக்கு அது இறங்கி முடியவே விடிந்துவிடும். ஒன்றரை மணித்தியால விரிவுரையை நான் இருந்து கேட்டுவிட்டேன். தேவையானதை இதில் எழுதுகிறேன், தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேள்.

தலைப்பு, நெல் வயலில் நைதரசன் இழப்பு. சேர் நிறையப் படம் காட்டினார், நிறையச் சமன்பாடு எழுதினார். ஆனால் மொத்த விரிவுரையும் நிற்பது ஒரு விசயத்தில்தான். நாங்கள் எறிகிற யூரியாவில் கணிசமான பங்கு பயிருக்கும் போவதில்லை, மண்ணுக்கும் போவதில்லை. வயல் தண்ணீரிலிருந்து அமோனியாவாகக் காற்றில் ஏறிவிடுகிறது. இளம் பயிரில், நிற்கிற தண்ணீருக்குள் எறிந்தால், பாதிவரைகூடப் போகலாமாம்.

யூரியா தானாக ஆவியாகாது. மண்ணிலும், பழைய அரிதாளிலும், பாசியிலும் இருக்கிற யூரியேஸ் நொதியம் அதை உடைக்க வேண்டும்.

CO(NH₂)₂ + 2H₂O → (NH₄)₂CO₃

இது சில நாட்களில் நடந்து முடிந்துவிடும். எறிந்து இரண்டாம், மூன்றாம் நாள் அளவில்தான் தண்ணீரில் அமோனியம் உச்சத்துக்குப் போகும். ஆபத்தான காலம் அந்த முதல் வாரம். இதைக் குறித்துக்கொள், பரீட்சையில் கேட்பார்.

அடுத்தது முக்கியம். தண்ணீரில் அமோனியம் (NH₄⁺), அமோனியா (NH₃) இரண்டும் சேர்ந்தே இருக்கும். அமோனியம் மின்னேற்றம் உள்ளது, தண்ணீரை விட்டு எழும்பாது. அமோனியா வாயு, பறந்துவிடும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது pH. 25 பாகை செல்சியசில் pH 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் அமோனியா. pH 8 என்றால் ஏறத்தாழ 5. pH 9 என்றால் 36. எங்கள் வெயிலில் தண்ணீர் இன்னும் சூடு, அதனால் இதைவிடக் கூடும்.

இப்போது சேர் செய்த கணக்கு. ஒரு ஏக்கர் வயல், 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று எடு. கிட்டத்தட்ட 2 இலட்சம் லீற்றர். கமக்காரர் அரை அந்தர், அதாவது 25 கிலோ யூரியா எறிகிறார். யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆகவே 11.5 கிலோ. லீற்றருக்கு 57 மில்லிகிராம். அதில் பாதி மண்ணுக்குப் போய்விட்டது, மற்றப் பாதி தண்ணீரில் அமோனியமாக நிற்கிறது என்று வைத்தால் 28 மில்லிகிராம். விடிய pH 7 ஆக இருக்கும்போது பறக்கக்கூடிய நிலையில் இருப்பது 0.2 மில்லிகிராம்கூட இல்லை. பின்னேரம் pH 9 ஆகும்போது 10 மில்லிகிராம். அதே வயல், அதே யூரியா, அதே நாள், ஆனால் அறுபது மடங்கு. அந்தப் பத்தும் பறந்தால் முடிந்தது என்று நினைக்காதே. பறந்த இடத்தை நிரப்ப மிச்ச அமோனியம் அமோனியாவாக மாறிக்கொண்டே இருக்கும். காற்று வீசினால் இன்னும் வேகம்.

விடியவும் பின்னேரமும் pH ஏன் இப்படி மாறுகிறது? பாசிதான். பகலில் பாசி ஒளித்தொகுப்புக்காகத் தண்ணீரில் இருக்கிற காபனீரொட்சைட்டை இழுத்து எடுக்கிறது, pH ஏறுகிறது. இரவில் சுவாசித்துத் திரும்ப விடுகிறது, pH இறங்குகிறது. இதைக் கேட்டதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. முரசுமோட்டையில் மாமாவின் வயலுக்கு pH தாளைக் கொண்டுபோனேன். விடியக் காலையில் தோய்த்தபோது தாள் பச்சை, ஏழுக்குக் கிட்ட. மதியம் திரும்பி இரண்டு மணி போலப் போனால், வரம்போரம் பாசிப் படலத்துக்குக் கீழே ஊசிமுனை அளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன, பாசி விட்ட ஒட்சிசன். அந்த இடத்தில் தோய்த்த தாள் நீலமாகிவிட்டது, ஒன்பதுக்கு மேலே. பாசி இல்லாத நடு வயலில் அவ்வளவு ஏறவில்லை. வரம்பில் நின்ற மாமா, "தாளை நனைச்சு என்ன காணப்போறாய்?" என்று கேட்டார். பசளை விலையைச் சொல்லி விளக்கியதும் தாளை வாங்கித் தானே ஒருக்கால் தோய்த்துப் பார்த்தார்.

சேர் சொன்ன இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு அமோனியா பறக்கும்போதும் ஒரு H⁺ தண்ணீரில் மிஞ்சுகிறது. அதனால் pH தானாகவே இறங்கி, இழப்பு நின்றுவிட வேண்டும். நிற்காததற்குக் காரணம் தண்ணீரில் இருக்கிற பைகாபனேற்று அந்த H⁺-ஐ விழுங்கிவிடுவது. யூரியா உடையும்போதே பைகாபனேற்றும் கொஞ்சம் பிறக்கிறது. பாசனத் தண்ணீரும் காரத்தன்மை கூடியதாக இருந்தால் இழப்பு நீளும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் ஒப்பிட்டு ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? யூரியா மூலக்கூறுக்கு ஏற்றம் இல்லை, தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். அமோனியமோ நேர் ஏற்றம் உள்ளது, களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே யூரியா உடைவதற்கு முதல் அதைத் தண்ணீரோடு மண்ணுக்குள் இறக்கிவிட்டால், உடைந்தபின் மண்ணே பிடித்துவைத்திருக்கும். வயலில் தண்ணீரை வற்றவிட்டு, நிற்கிற தண்ணீர் இல்லாத மண்ணில் எறிந்து, உடனே தண்ணீர் கட்ட வேண்டும். எங்கள் ஆட்கள் செய்வது அநேகமாக இதன் தலைகீழ். தண்ணீர் கட்டி, வரம்பெல்லாம் அடைத்து, அதற்குப் பிறகுதான் எறிவார்கள்.

ஆனால் சேர் இலேசாகச் சொல்லிவிட்டுப் போன இடம் இதுதான். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். பசளைக்காக இருக்கிற தண்ணீரை வெட்டிவிட்டால் அடுத்த முறை வரும்வரை பயிர் காயும். என் யோசனை, வெட்டிவிடவே கூடாது. தானாக வற்றும் நாளைப் பார்த்து, அடுத்த முறைத் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னர் எறிந்தால் இரண்டு வேலையும் முடியும். காலபோகத்தில் வேறு தொல்லை. மழை இருட்டிக்கொண்டு வரும்போது எறிந்தால் வரம்பு மேவி எல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும், அதற்கு அமோனியாக் கணக்கே தேவையில்லை.

வற்றவிடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வயல் ஒரு கிழமைக்கு மேல் காய்ந்து கிடந்தால் மண்ணுக்குள் ஒட்சிசன் புகுந்து, அமோனியம் நைத்திரேற்றாகிவிடும். நைத்திரேற்று எதிர் ஏற்றம் உள்ளது, களியில் ஒட்டாது. திரும்பத் தண்ணீர் கட்டியதும் கீழே ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குப் போகும், அங்கே பற்றீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கிவிடும். இதுதான் நைதரசனிறக்கம். ஆக எறிவதற்கு முன்னும் பின்னும் இழுத்தடிக்கக் கூடாது.

பெரிய குளிகையாக உருட்டிய யூரியாவை 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைக்கும் முறையையும் காட்டினார். இழப்பு நன்றாகக் குறையும், உண்மைதான். ஆனால் அது வரிசையாக நட்ட வயலுக்கு. வீசி விதைக்கிற வன்னியில் யார் குனிந்து குனிந்து புதைப்பது? விடைத்தாளில் எழுது, மாமாவிடம் சொல்லாதே.

பயிர் வளர்ந்து இலை மூடியபின் கதை வேறு. நிழலில் பாசி அடங்கும், காற்றும் தண்ணீரைத் தொடாது, வேரும் வேகமாக உறிஞ்சும். அதனால் கதிர் உருவாகத் தொடங்கும்போது போடும் யூரியா முதல் எறிவைவிட மிகவும் குறைவாகத்தான் வீணாகும். பிரித்துப் பிரித்துப் போடச் சொல்வதன் காரணம் இதுதான். முதல் எறிவில் அள்ளி வீசுவதுதான் நட்டம்.

கடைசியில் இலை நிற அட்டை, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை இலக்கமிட்ட பட்டைகள் உள்ளது. வயலில் பத்து இடத்தில், முழுதாக விரிந்த ஆக இளம் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். இலையைப் பிடுங்கக் கூடாது, உன் உடம்பால் வெயிலை மறைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே ஆள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். நேரடியாக விதைத்த வயலுக்கு 3, நட்ட வயலுக்கு 4 என்பது வழக்கமான எல்லை, இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். பத்தில் ஆறு இலையோ அதற்கு மேலோ எல்லைக்குக் கீழே இருந்தால் யூரியா கேட்கிறது என்று பொருள். ஒரு எச்சரிக்கை, எல்லா மஞ்சளும் நைதரசன் குறை இல்லை. நைதரசன் குறைந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாகும், கந்தகம் குறைந்தால் இளம் இலை. அட்டைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த பிறகு வந்த காலபோகத்தில் நாங்கள் பார்த்த மஞ்சளுக்கு அட்டையே தேவைப்படவில்லை, நினைவிருக்கும்.

ஒப்படைக் கேள்வி இது: ஒருவர் காலை ஏழு மணிக்கும், மற்றவர் பகல் பன்னிரண்டுக்கும் ஒரே அளவு யூரியாவைத் தண்ணீருக்குள் எறிகிறார்கள். இழப்பில் பெரிய வித்தியாசம் வருமா? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வரும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடையவே ஒன்றிரண்டு நாள் எடுக்கும் யூரியாவுக்கு எறிந்த மணி என்ன செய்யும், அடுத்தடுத்த பின்னேரங்கள்தானே தீர்மானிக்கும்? நீ படுத்தபடியே யோசித்து உன் பதிலைத் தம்பியிடம் சொல்லி அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், உன் பெயரையும் என் குழுவில் போட்டிருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அறைத்தோழன்