அந்த இரவின் கிராஃப்

தம்பிக்கு,

உன் சர்க்கரை சென்சாரின் ஸ்க்ரீன்ஷாட் வந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். சரி, படத்தையே படித்துக்கொள்கிறேன்.

டைம் இன் ரேஞ்ச் 71% என்று பச்சையாக இருக்கிறது. சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் இருந்த நேரம் அது. 70% தாண்டினால் போதும் என்பார்கள். சென்சார் மாட்டிய பத்தாம் நாளே தாண்டிவிட்டாய். ஒரு நாளை வைத்து முடிவு கட்ட முடியாது, 14 நாள் சராசரிதான் பேசும். ஆனாலும் கெட்டிக்காரன்தான். என் கண் போனதென்னவோ கீழே இருக்கும் சிவப்புக்கு. 70-க்குக் கீழே 7%. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். 4%-க்குள், அதாவது ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டியது. முதலில் சிவப்பைப் பார், அப்புறம் பச்சை.

அந்த 7% இரண்டு பள்ளங்களில் இருக்கிறது. விடிகாலை 4:30-க்கு 118-இலிருந்து 52-க்குச் செங்குத்தாக விழுந்து, 25 நிமிடத்தில் தானாகவே ஏறிவிட்டது. சென்சார் மாட்டிய கைமேல் படுத்திருப்பாய். அது ரத்தத்தில் அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கிற நீரில் அளக்கிறது; அழுத்தினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அலாரம் அடித்தால் புரண்டு படு, விரலில் குத்திப் பார். பொய்தான் என்று நீயாக நினைத்துத் தூங்கிவிடாதே, குத்திப் பார்.

முதல் பள்ளம் நிஜம். இரவு 8:30-க்குச் சாப்பாட்டு இன்சுலின். 9:40-க்கு 226, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்பு சாய்வாக மேலே. 10 மணிக்கு 228, அம்பு படுத்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்த அம்பு படுத்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ரத்தத்தில் நடப்பது சென்சாருக்கு வர ஐந்து பத்து நிமிடம் பிந்தும், ஆகவே உள்ளே அதற்கு முன்பே திரும்பியிருக்கும். வேக இன்சுலின் நாலு மணி நேரம் போல உடம்பில் நிற்கும். அதன்மேல் 10 மணிக்கு இன்னொரு டோஸ் ஏறியதால் இரண்டும் சேர்ந்து இழுத்தன. 12:40-க்கு 124 என்று நல்ல எண்ணாகத்தான் தெரிந்திருக்கும், ஆனால் அம்பு சாய்வாகக் கீழே. சாய்ந்த அம்பு என்றால் நிமிடத்துக்கு 1 முதல் 2 வரை இறக்கம். அரை மணியில் 94-ஆகலாம், 64-ஆகவும் ஆகலாம். எண்ணோடு அம்பையும் சேர்த்துப் படி. 1:40-க்கு 61.

அந்த 10 மணி டோஸுக்கு முன்னால் "இன்னும் இறங்கலையே" என்று மெசேஜ் அனுப்பியது நான்தான். அம்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தேன். உனக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் செய்கிற காரியமா அது. இனி இரண்டாவது டோஸ் எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள். என் மெசேஜைப் பார்த்துப் போடாதே.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார். சென்சார் அப்போதும் குறைவாகவே காட்டும், அதைப் பார்த்து மேலும் மேலும் சாப்பிடாதே. தலைமாட்டில் குளுக்கோஸ் வை. வைத்திருக்கிறாய்தானே?

2:40-க்குக் கோடு மேலே திரும்புகிறது. அந்த இடத்தில் நீ எதையும் குறித்து வைக்கவில்லை. எழுந்தாயா, தம்பி? அலாரம் கேட்டதா?

அம்மா