கும்ப்ளேவை இறக்கிவிட்ட பட்டியல்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலியைப் பற்றி எழுதப்போவதில்லை, அது இருக்கட்டும். உன் பட்டியலைப் பார்த்ததிலிருந்து வேறு வலி.

பந்துவீச்சாளர்களைச் சராசரி வாரியாக அடுக்கி, "பார், உன் கும்ப்ளே எங்கே நிற்கிறார்!" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். பாபு நட்கர்னி 29.07, கும்ப்ளே 29.65, பிரெட் லீ 30.81. மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே படியில். இதைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? நட்கர்னியும் பிரெட் லீயும் எந்த ஊரில் ஒரே மாதிரி பந்துவீச்சாளர்கள்?

ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்கிற இந்தச் சராசரி தனி அளவே இல்லையப்பா. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்கிற ஸ்ட்ரைக் ரேட்டை, ஓவருக்கு எத்தனை ரன் என்கிற எகானமியால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் அதுதான் சராசரி. நட்கர்னி ஓவருக்கு 1.67 ரன்தான் கொடுத்தார், ஆனால் ஒரு விக்கெட்டுக்கு 104 பந்து எடுத்துக்கொண்டார். லீ 3.46 கொடுத்து 53 பந்துக்கு ஒன்று எடுத்தார். கும்ப்ளே நடுவில்: 2.69, 66 பந்து.

இதை ஒரு டெஸ்டுக்குள் வைத்துப் பார். 5 நாள், நாளுக்கு 90 ஓவர் என்றால் மொத்தம் 450. ஜெயிக்க 20 விக்கெட் வேண்டும். லீ வேகத்தில் போனால் 178 ஓவரில் முடிந்துவிடும். கும்ப்ளே வேகத்தில் 220. நட்கர்னி வேகத்தில் 347! மீதி 103 ஓவரில் நம் ஆட்கள் எப்போது பேட்டைப் பிடிப்பது? மூன்று வழியிலும் எதிரணி எடுக்கும் ரன் ஏறக்குறைய 600தான். 1964-இல் சென்னையில் நட்கர்னி 32 ஓவர் போட்டு 27 மெய்டன், 5 ரன். விக்கெட் இல்லை. இங்கிலாந்துடனான அந்தத் தொடரில் 5 டெஸ்டும் டிரா. அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு முனையை அவர் அடைத்துவைத்தால் மறுமுனையில் பொறுமை இழந்து அவுட் ஆகிறவனின் விக்கெட் இன்னொருவர் கணக்கில்தானே ஏறும்?

சரி, அடுத்து பிட்ச். இங்கேதான் நீயும் நம் வாத்தியாரும் சேர்ந்து வழுக்குகிறீர்கள்.

2004-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கும்ப்ளே பந்துவீசிய இரண்டு இன்னிங்ஸை எடுத்துக்கொள். ஜனவரியில் சிட்னியில் 141 ரன்னுக்கு 8 விக்கெட், சராசரி 17.6. நவம்பரில் மும்பையில் 90 ரன்னுக்கு 5, சராசரி 18. உன் பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மும்பை டெஸ்டில் இரண்டு அணியும் சேர்த்து 605 ரன்னுக்கு 40 விக்கெட் விழுந்தது, விக்கெட்டுக்கு 15. பேட்ஸ்மேனான மைக்கேல் கிளார்க்கே 9 ரன்னுக்கு 6 எடுத்தார்! அந்தத் தரையில் 18 என்பது ஊரோடு ஒத்துப் போனது, அவ்வளவுதான். ஆட்ட நாயகன் முரளி கார்த்திக், 76 ரன்னுக்கு 7.

சிட்னியிலோ 1747 ரன்னுக்கு 25 விக்கெட், விக்கெட்டுக்கு 70. இன்னும் சரியாகப் பார்க்க, அவருடையதைக் கழித்துவிட்டு மற்றவர்களை மட்டும் எடு. இல்லாவிட்டால் அவர் குறைத்த சராசரியோடு அவரையே ஒப்பிடுவதாக ஆகிவிடும். ஆஸ்திரேலியாவின் 16 விக்கெட்டில் 12 அவருக்கு, 279 ரன்னுக்கு. மீதி 4 விழ, உதிரி ரன்களையும் சேர்த்து, 552 ரன் ஆனது. அவர்கள் ஓவருக்கு 4 ரன்னை ஒட்டி அடித்துக்கொண்டிருந்தபோது இவர் 3 சொச்சம்தான் கொடுத்தார், 44 பந்துக்கு ஒரு விக்கெட். எகானமி 3-ஐத் தாண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டு, "வழக்கத்தைவிட அதிகம்" என்று வாத்தியார் சொல்லுவார். சொல்லட்டும்.

ஆட்டம் என்னவோ டிராதான். அதுவும் ஒரு பந்துவீச்சாளரின் எண்ணில் தெரியாது.

இப்போது வெளிநாட்டுச் சராசரி 35.85 என்று என் மீது எறிவாய், தெரியும். உண்மைதான், உள்நாட்டில் 24.88. அதை மறைக்கப் போவதில்லை. 1999–2000 ஆஸ்திரேலியப் பயணத்தில் 3 டெஸ்டில் 5 விக்கெட்தான். அதே நாட்டில் 2003–04-இல் 3 டெஸ்டில் 24. இரண்டையும் கலக்கி ஒரு எண்ணாக்கினால், முதல் பயணத்து ஆளும் தெரியமாட்டார், இரண்டாவது பயணத்து ஆளும் தெரியமாட்டார். நாட்டின் பெயரை வைத்துப் பிட்சைப் பிரிப்பதிலும் இதே கோளாறு உண்டு. மும்பையும் இந்தியாதான், நாள் முழுக்க ஒன்றும் ஆகாத தார் ரோட்டுப் பிட்ச்களும் இந்தியாதான்.

எதிரணி எவ்வளவு பலம் என்பதும் அந்த 70, 15-க்குள் கலந்திருக்கிறது. அதை முழுதாகப் பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது.

பட்டியலைத் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடப் போட்டிருக்கிறேன், ஸ்ட்ரைக் ரேட்டும் எகானமியும். மூன்றாவது கட்டம், அதே ஆட்டத்தில் மற்றவர்கள் கொடுத்த சராசரி, உன் வேலை. ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
ரங்கன்