வழி தெரியாத அப்பா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரட்டைச் செய்திகளில் வரும் பிழைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், "அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும், தவறுவது அலட்சியமே" என்று ஒரு வரி இருந்தது. அந்த அலட்சியக்காரர்களுள் ஒருவனாக எழுதுகிறேன்.

பல் பிடுங்கிக்கொள்ளத் தனியாகப் போய்த் திரும்பிய அப்பாவைப் பற்றி, "அப்பாவுக்கு இப்போது வலி தெரியவில்லை, நான் தூங்கப் போகிறேன்" என்று அண்ணனுக்கு எழுதினேன். போய்ச் சேர்ந்ததோ "வழி தெரியவில்லை." தந்தை எங்கோ வழி தெரியாமல் நிற்க, பிள்ளை தூங்கப் போகிறான் என்று படித்த அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பிவிட்டார். நான் விழித்துப் பார்த்தபோது நாற்பது நிமிடங்கள் கடந்திருந்தன. வாட்ஸப்பில் திருத்துவதற்கான பதினைந்து நிமிட அவகாசம் முடிந்திருந்தது.

நடந்தது இதுதான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும்போது vali என்பது வலி, வழி, வளி எல்லாவற்றுக்கும் பொது. இடைவெளி விசையை அழுத்தியதும் பரிந்துரைப் பட்டையின் முதல் சொல் உள்ளே போய்விடும். அந்த வாரம் முழுவதும் உறவினர்களுக்குப் புது வீட்டின் வழியையே எழுதிக்கொண்டிருந்தேன். என் பழக்கத்தைக் கற்றுக்கொண்ட விசைப்பலகை 'வழி'யை முன்னால் கொண்டுவந்துவிட்டது. அதுவும் சரியான சொல்லே என்பதால் சிவப்புக் கோடும் விழவில்லை. அனுப்புமுன் நானும் படித்தேன், ஐயா. எழுதியவன் கண் தான் நினைத்ததைத்தான் படிக்கும்.

பொத்தான் கைப்பேசிக் காலத்திலும் இதே கதைதான். 4663 என்று அழுத்தினால் good, home, gone என்ற மூன்று ஆங்கிலச் சொற்களும் வரும். அப்போதும் தாங்கள் இளைஞர்களின் அவசரத்தைத்தான் கண்டித்தீர்கள். அதற்கு நான் எழுதிய மறுப்பு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது போலும். தங்கள் இதழிலேயே ஒருமுறை மல்லிகை 'மனம்' கமழ்ந்தது. தங்களுக்கு நேர்ந்தால் அச்சுப்பிழை, எங்களுக்கு நேர்ந்தால் அலட்சியம்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். ல, ழ, ள அல்லது ன, ண வரும் சொற்களில் இடைவெளி விசையைத் தொடுவதில்லை. பட்டையில் பார்த்து, வேண்டிய சொல்லையே தொட்டு எடுக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுவதற்குத் தானியங்கித் திருத்தத்தை அமைப்புகளில் அணைத்துவிட்டேன். பரிந்துரைகள் மட்டும் வருகின்றன. உடல்நிலை, பணம், நேரம் பற்றிய செய்தியானால் வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன். வாக்கியம் குலைந்துவிடுவதால் மனம் முந்திக்கொண்டு ஓட முடிவதில்லை. 'வருவேன்', 'வரமாட்டேன்' போன்றவை மாறியிருந்தால் இதுவும் எப்போதும் காப்பாற்றுவதில்லை என்பதால், அவற்றோடு "நாளை நான் அங்கே இருப்பேன்" என்பதுபோல அதே பொருளில் இன்னொரு வாக்கியமும் சேர்க்கிறேன்.

அடுத்த இதழில் "ஒருமுறை படித்தால் போதும்" என்பதற்குப் பதிலாக "பின்னோக்கி, வாய்விட்டுப் படிக்கவும்" என்று ஒரு வரி வெளியிட்டால் போதும். என் பெயரைப் போட வேண்டாம். அண்ணன் தங்கள் இதழின் சந்தாதாரர்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்