படப்பிடிப்பு மனுவோடு வரைபடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் தெருக்களில் படப்பிடிப்புக்கு அனுமதியே தரக் கூடாது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் அடியோடு தடுத்தால் இங்குள்ள விடுதிகளுக்கும் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கும் சமையல்காரர்களுக்கும்தான் பிழைப்பு போகும். வெளியூர்ப் படக்குழுக்களுக்கு உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்து தருபவன் நான். என் அனுபவத்தில், தொல்லை மனு எழுதும்போதே தொடங்கிவிடுகிறது.

"மேற்படி தெருவில் இரண்டு நாட்கள், சுமார் 30 பேருடன் படப்பிடிப்பு நடத்த அனுமதி வேண்டுகிறோம். போக்குவரத்துக்கு இடையூறு ஏற்படாது." பல மனுக்களில் இருப்பது இவ்வளவுதான். அந்த 30 பேர் கேமராவைச் சுற்றி நிற்பவர்கள். லைட்மேன்கள், ஒப்பனை, உடை, சாப்பாடு, ஓட்டுநர்கள், துணை நடிகர்கள் என்று எண்ணிப் பார்த்தால் 70 பேரைத் தாண்டும். அவர்களை ஏற்றி வந்த வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. கேமரா நிற்க நான்கடி இடம் போதும். தெருவை அடைப்பது ஜெனரேட்டர் வண்டியும் யூனிட் வண்டியும் கேரவனும்தான்.

அப்படி ஒரு மனுவின் விளைவை நேரில் பார்த்தேன். ஜெனரேட்டர் வண்டியைக் கொண்டைஊசி வளைவின் உள்பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து தடித்த கேபிள்கள் மூடப்படாமல் ஈரச் சாலையின் குறுக்கே கிடந்தன. சிலிண்டர் ஏற்றி வந்த லாரி திரும்ப முடியாமல் சரிவில் பின்னோக்கி இறங்க வேண்டியதாயிற்று. சக்கரத்துக்குக் கல் வைத்தபடியே கிளீனர் பையன் கூட ஓடினான்.

சந்தைப் பக்கம் இறங்கும் ஒரு குறுகிய தெருவுக்கு நான் மனு எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். முதலில் அந்தச் சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரித்துக்கொள்வேன். இதில் தவறினால் கையில் அனுமதிக் கடிதம் இருந்தும் படப்பிடிப்பு நின்றுபோகும். அடுத்தது தேதி. ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன் நெரிசல், ஐப்பசி கார்த்திகையில் மழை, ஞாயிறு வாரச்சந்தை. இவற்றைத் தள்ளிவிட்டு 2026 பிப்ரவரி 10, 11 ஆகிய செவ்வாய், புதன் என்று குறிப்பிட்டு, பனிமூட்டம் இறங்கினால் 12ஆம் தேதி மாற்று நாள் என்று அதே மனுவில் கேட்பேன். மாற்று நாள் இல்லாத குழுதான் அனுமதி முடிந்த பிறகும் "இன்னும் ஒரு ஷாட்" என்று தெருவைப் பிடித்துக்கொள்கிறது. நேரம் காலை 6.30 முதல் 8 வரை, பிறகு 9.30 முதல் 12.30 வரை. இடைப்பட்ட நேரம் பள்ளி வண்டிகளுடையது.

மொத்தம் 70 பேர், 9 வண்டிகள் என்றால் ஒவ்வொன்றின் பதிவெண்ணும் மனுவில் இருக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் எடுக்கின்றன. அதற்குக் கொடுக்கும் எண்ணை நகராட்சிக்கும் கொடுப்பதில் என்ன சிரமம்? தெருவுக்குள் ஜெனரேட்டர் வண்டி ஒன்றுக்கு மட்டும் இடம் கேட்பேன். மற்றவை ஆட்களையும் பொருட்களையும் இறக்கிவிட்டு, முன்பே பேசி வைத்த விடுதி வளாகத்துக்குப் போய்விட வேண்டும்.

போக்குவரத்துத் திட்டம் இல்லாமல் இந்த மனு முழுமையாகாது. தெருவை நாள் முழுக்க மூடத் தேவையில்லை. ஷாட் எடுக்கும்போது மட்டும், அதிகம் போனால் மூன்று நிமிடம், இரு முனைகளிலும் வண்டிகளை நிறுத்தினால் போதும். காத்திருந்த கடைசி வண்டியும் கடந்த பிறகே அடுத்த ஷாட். முனைக்கு இருவர் வீதம் வாக்கி டாக்கியோடும் ஒளிரும் மேலாடையோடும் நிற்க வேண்டும். வண்டியை நிறுத்த அதிகாரம் உள்ளவர் காவலர் என்பதால், முனைக்கு ஒரு காவலரையும் கேட்க வேண்டும். சமவெளியிலிருந்து வருபவர்கள் இங்கே ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிறுத்துமிடம் சரிவில் இருக்கக் கூடாது. சுமை ஏற்றிய லாரி ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்பும்போது பின்னால் நகரும். பின்னால் நிற்பது பைக்காக இருந்தால் என்ன ஆகும்? ஆகவே ஏற்றத்துக்கு முந்தைய சமதளத்தை வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும். வரிசை அந்த இடத்தையும் தாண்டி வளைவு வரை நீண்டால் ஷாட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளி போதவில்லை என்று பொருள். ஷாட்டை விட்டுவிட்டு வழிவிட வேண்டும். கேமராவை நகர்த்தும் டிராலி தண்டவாளம் சாலையின் குறுக்கே வரக் கூடாது. 108 வண்டி வந்தால் தண்டவாளத்தை எடுக்க நேரம் இருக்காது. கேபிள் குறுக்கே போயே தீர வேண்டுமென்றால் அதன் மேல் ரப்பர் மூடி வேண்டும்.

இவை அனைத்தும் ஒரே தாளில், கையால் வரைந்த வரைபடத்தோடு அடங்கிவிடும். அந்தத் தாள் இல்லாத மனுவை நகராட்சி ஆணையர் அலுவலகம் வாங்கவே கூடாது. வாங்கிய மனுவின் நகல் ஒன்று காவல் நிலையத்துக்கும், இன்னொன்று படக்குழுப் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணோடு அந்தத் தெருக் கடைகளுக்கும் மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
படப்பிடிப்பு ஏற்பாட்டாளர் ஒருவர்,
கொடைக்கானல்