சனிக்கிழமை சந்திப்புக்கு முன்னால், கயலுக்கு

அன்புள்ள கயல்,

லிங்க்ட்இன்னில் பழக்கமான பெங்களூர்க்காரர் சனிக்கிழமை சென்னை வருகிறார், குழந்தைகள் ஆப்புக்குப் படம் வரையும் வேலை பற்றி நேரில் பேசலாம் என்கிறார் என்று நேற்று ஃபோனில் சொன்னாய். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நேரில் பார்த்துப் பேசித்தான் பாதி வேலை கிடைக்கிறது என்று எனக்கும் தெரியும். ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் கடிதம்.

முதலில் ஆள் யார் என்று பார். அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தில் More என்பதைத் தொட்டால் About this profile என்று வரும். கணக்கு எப்போது தொடங்கியது, படத்தை எப்போது மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்து வருட அனுபவம் என்று எழுதியிருப்பவரின் கணக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கியது என்றால் கேள்வி கேட்க வேண்டும். அடுத்து, கம்பெனி வெப்சைட்டின் பெயரோடு முடியும் மெயில் முகவரியை அவரிடம் கேட்டு வாங்கி, நீயே அதற்கு ஒரு மெயில் போடு. "சனிக்கிழமை 11 மணி உறுதிதானே?" என்று ஒரு வரி போதும். அந்த முகவரியிலிருந்து வந்ததுபோல ஒரு மெயிலைப் போலியாக யாரும் அனுப்பிவிடலாம். ஆனால் நீ அனுப்பியதைப் படித்துப் பதில் போட, அந்த மெயில் பெட்டி அவர் கையில் இருக்க வேண்டும். கம்பெனிக்கு ஃபோன் செய்து கேட்பதானால் அவர் கொடுத்த நம்பருக்குச் செய்யாதே, வெப்சைட்டில் இருக்கும் நம்பருக்குச் செய்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அவர் நல்லவர் என்று ஆகிவிடாது, கண்ணு. அவர் சொல்லும் ஆள்தான் அவர் என்பது மட்டும் தெரியும். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவரும் கையைப் பிடிப்பார். ஏதாவது ஆனால் யார்மேல், எங்கே புகார் கொடுப்பது என்பதற்குத்தான் இந்தச் சோதனை உதவும். சந்திக்கும் நேரத்தில் உனக்குக் காவல் இடம்தான். அதனால் இடத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

இடத்தை நீ சொல். "எங்க பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டால் அவர் ஈசிஆரில் நல்ல கஃபே இருக்கிறது என்பார். உத்தண்டி டோல்கேட் தாண்டிப் போய்விட்டால் திரும்புவதற்கு ஆட்டோ தேடி நிற்க வேண்டும், கடைசியில் அவர் காரில்தான் ஏறுவாய். நீ எப்போது வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் எழுந்து கிளம்பிவிடக்கூடிய இடம்தான் நல்ல இடம். நீ நந்தனத்தில் இருப்பதால் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ உனக்கு வசதி. நீல வழித்தடத்தில் ஒரே ரயில், அரசினர் தோட்டத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். உள்ளே ஏதாவது ஒரு காபி கடை. நேரம் பகல் 11 மணி. 12 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடு. முடிவு நேரம் சொல்லாத சந்திப்பு மதியச் சாப்பாடு, அப்புறம் ஒரு டிரைவ் என்று நீண்டுகொண்டே போகும்.

இடம் முடிவானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்த இடம் மாறும்போதுதான் தப்பு நடக்கிறது. எப்படி மாறும் என்று சொல்கிறேன். சனிக்கிழமை 10.20க்கு நீ ரயிலில் இருக்கும்போது லிங்க்ட்இன்னில் ஒரு மெசேஜ் வரும்: "சாரி, கிளையண்ட் கால் நீண்டுபோச்சு, ஹோட்டல்லயே இருக்கேன். இங்க வந்துடுங்களேன், லாபியில உட்காரலாம்." ஹோட்டல் லாபிதானே, ஆள் நடமாட்டம் இருக்கும், தப்பில்லை என்று நீ போவாய். லாபியில் பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு அடுத்தது வரும்: "கால் இன்னும் முடியல. லேப்டாப் ரூம்லதான் இருக்கு, மேலயே வந்துடுங்க, ரெண்டு நிமிஷம்." ரூமுக்கு வா என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நீ வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டாய். லாபி வரை வந்த பிறகு அது நாலு மாடி தூரம்தான். லீவு நாளில் கிளம்பி, படங்களையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தோமே, இப்போது மாட்டேன் என்றால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்ற சங்கடம்தான் லிஃப்டில் ஏற்றிவிடும். ரூமுக்குப் பதிலாக "எங்க ஆபீஸ்" என்று சொல்லிக் கூட்டிப்போகும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டாகவும் இருக்கலாம். வரவேற்பில் ஆள் இல்லை, வாசலில் பெயர்ப்பலகை இல்லை என்றால் அது உனக்கு ஆபீஸ் இல்லை.

அதனால் முதல் மாற்றத்திலேயே நிறுத்து. அந்த நேரத்தில் வார்த்தை தேடாதபடி, பதிலை இப்போதே ஃபோனில் எழுதி வைத்துக்கொள்: "பரவாயில்லை சார், கால் முடிச்சுட்டு வாங்க. நான் எக்ஸ்பிரஸ் அவென்யூவிலேயே 11.30 வரை இருப்பேன். இன்னிக்கு முடியலன்னா திங்கட்கிழமை வீடியோ காலில் பேசிக்கலாம்." காரணம் எதுவும் சொல்லாதே. காரணம் சொன்னால் அவர் அதற்கு ஒரு தீர்வு சொல்வார். வெயில் என்றால் கார் அனுப்புகிறேன் என்பார். வேலைக்காக வந்தவர் இதைப் படித்துவிட்டு ஒன்று வருவார், இல்லை வேறு நாள் சொல்வார். கொஞ்சம் முகம் சுளித்தாலும் இரண்டாம் முறை வற்புறுத்த மாட்டார். "என்மேல நம்பிக்கை இல்லையா?", "இவ்வளவு பயந்தா இந்த ஃபீல்டுல எப்படி?" என்று ஆரம்பித்தால் படம் வரைகிற பேச்சு அங்கேயே முடிந்தது, நீ வீட்டுக்குக் கிளம்பலாம். இடத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருமுறை மாற்று, அதுவும் நீ சொல்லும் இடத்துக்கு.

அடுத்தது உன் தோழி ரம்யா. எனக்கு லைவ் லொகேஷன் அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டு நான் கவலைதான் படமுடியும். அரை மணி நேரத்தில் அங்கே வந்து நிற்கக்கூடியவளிடம் சொல்ல வேண்டும். அவருடைய பெயர், லிங்க்ட்இன் லிங்க், ஃபோன் நம்பர், எந்தக் கடை, எத்தனை மணி, நீ என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாய், இவ்வளவையும் ஒரே மெசேஜாக அவளுக்கு அனுப்பு. வாட்ஸ்அப் லைவ் லொகேஷனில் 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று இருக்கும். 8 மணி நேரத்தைப் போடு. 1 மணி நேரம் போட்டால் பேச்சு இழுத்துக்கொண்டு போகும்போது, சரியாகத் தேவைப்படுகிற நேரத்தில் நின்றுவிடும். சுரங்க ரயிலிலும் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் சிக்னல் போனால் புள்ளி ஒரே இடத்தில் நிற்கும் என்பதையும் அவளிடம் சொல்லிவை, இல்லையென்றால் அவள் பதறுவாள்.

தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். பதில் வராவிட்டால் அவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் பேசி வைப்பதில்லை. அவளும் "பேசிட்டு இருப்பா, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று ஒரு மணி நேரத்தை விட்டுவிடுவாள். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 11.30க்கு ரம்யா கால் செய்வாள், மெசேஜ் கூடாது, உன் குரல் கேட்க வேண்டும். நீ "ஃபைலை நாளைக்கு அனுப்பறேன்" என்றால் எல்லாம் சரி. "ஃபைல் இன்னும் முடியல" என்றால் அவள் உடனே கிளம்பி வர வேண்டும். எடுக்காவிட்டால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி, அதற்கும் எடுக்காவிட்டால் கடையின் நம்பருக்கு. அங்கேயும் நீ இல்லை என்றால் 112. போலீஸைக் கூப்பிட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று ஆனாலும் நீ அவளைத் திட்டக் கூடாது, இதையும் முன்னாலேயே சொல்லிவிடு.

கால் மணி நேரம் முன்னதாகப் போய், உன் காபியை நீயே வாங்கி, கவுன்ட்டர் தெரிகிற மேஜையாகப் பார்த்து உட்கார். மூலையில் சுவரோரம் உட்கார்ந்தால் வெளியே வர அவர் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். கோப்பையை விட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதே, புதிது வாங்கு. ஆபீஸ் ஐடி கார்டைக் கழற்றிப் பைக்குள் போடு. பில்லைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று அவருக்கு ஜிபே செய்யாதே. பலருடைய யுபிஐ முகவரி ஃபோன் நம்பராகவே இருக்கும், வங்கியில் உள்ள முழுப்பெயரும் கூடவே போகும். லிங்க்ட்இன்னில் மட்டும் பேசி நம்பரைக் கொடுக்காமல் காப்பாற்றியதெல்லாம் ஒரு காபியில் போய்விடும். கடையின் க்யூஆரில் உன் பங்கை நீயே கட்டிவிடு.

கிளம்பும்போது "எந்தப் பக்கம் போறீங்க? டிராப் பண்றேன்" என்று வரும், மரியாதைக்காகவே பலர் கேட்பார்கள். "இங்கயே ஒரு வேலை இருக்கு, ஃப்ரெண்டு வர்றா" என்று சொல்லிவிட்டு மாலுக்குள்ளேயே இரு. அவர் போன பிறகு இருபது நிமிஷம் கழித்து ஸ்டேஷனுக்கு நட. நந்தனம் என்ற வார்த்தை அன்றைக்கு உன் வாயிலிருந்து வர வேண்டாம்.

நடுவில் தொட்டுப் பேசினாலோ, பேச்சு வேறு மாதிரி போனாலோ வாக்கியத்தை முடிக்கக்கூடக் காத்திராதே, எழுந்து கவுன்ட்டருக்குப் போ. பாத்ரூமுக்கோ பார்க்கிங்குக்கோ போகாதே, இரண்டும் ஆளில்லாத இடம். கடைக்காரரிடம் "இவர் தொந்தரவு பண்றார், செக்யூரிட்டியைக் கூப்பிடுங்க" என்று சத்தமாகச் சொல். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நேரத்தோடு எழுதி வை, சாட்டை அழிக்காதே, அவரை பிளாக் செய்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடு. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை விஷயமாகப் போகும் இடமும் பணியிடம்தான், புகார் கொடுப்பவள் அந்த கம்பெனி ஊழியராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய கம்பெனியின் உள் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனி என்றாலோ, அவரே முதலாளி என்றாலோ மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். போலீஸில் கொடுக்கும் புகார் தனி, இதற்காக அது நிற்காது.

ரம்யாவுக்கு அனுப்பும் மெசேஜை வெள்ளிக்கிழமை ராத்திரியே எழுதி எனக்கும் ஒன்று அனுப்பு. பவர் பேங்கை சார்ஜில் போட மறக்காதே, போன தடவை வந்தபோதே அது செத்துக் கிடந்தது.

அன்புடன்,
அம்மா