எந்தச் சொல்லில் நிற்கிறாய்?

அன்பு மகளுக்கு,

"விளக்கேற்றி உட்கார்ந்து அபிராமி அந்தாதி படித்து எட்டு மாசமாச்சும்மா" என்று போனில் சொன்னாய். சின்னவளுக்கும் எட்டு மாதம்தானே? நூறு பாட்டையும் நிதானமாகச் சொல்ல அரை மணிக்கு மேல் ஆகும். கைக்குழந்தைக்காரிக்கு அந்த அரை மணி எங்கே கிடைக்கும்?

உன் தம்பி பிறந்த புதிதில் நானும் தினமும் தொடங்குவேன். பத்தாவது பாட்டுக்குள் உங்கள் இருவரில் ஒருவர் அழுவீர்கள். தூக்கிச் சமாதானம் செய்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஆறு மாதம் இப்படியே போனதில் முதல் பத்துப் பாட்டு தூக்கத்தில்கூட வரும், முப்பதாவது பாட்டு சுத்தமாக மறந்துபோயிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டிதான் கேட்டார்: "அந்தாதியை ஏன்டி தலையிலிருந்தே இழுக்கிறே? விட்ட சொல்லைப் பிடி."

யோசித்துப் பார். முதல் பாட்டு 'விழுத்துணையே' என்று முடிகிறது, இரண்டாவது 'துணையும் தொழும் தெய்வமும்' என்று தொடங்குகிறது. அது 'அறிந்தனமே' என்று முடிய, மூன்றாவது 'அறிந்தேன்' என்று எடுக்கிறது. நூறாவது பாட்டின் கடைசிச் சொல் 'உதிக்கின்றவே', முதல் பாட்டின் முதல் சொல் 'உதிக்கின்ற'. மாலை மாதிரி ஒரே வட்டம். எந்தப் பூவைப் பிடித்தாலும் அடுத்த பூ கைக்கு வரும்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரே பாட்டு என்று வைத்துக்கொண்டேன். நாலே வரி, பால் காய்வதற்குள் சொல்லிவிடலாம். முதல் நாள் இரவே அந்த நாலு வரியையும் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு எதிரே ஒட்டிவிடுவேன். முடித்ததும் பாட்டின் கடைசிச் சொல்லைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதுவேன். நடுவில் காய்ச்சல், விருந்தாளி என்று எத்தனையோ நாள் விட்டுப்போனது. நூறு நாளில் முடிய வேண்டியது ஐந்து மாதம் இழுத்தது. ஆனாலும் காலண்டரைப் பார்த்தால் எங்கே நிற்கிறேன் என்று தெரியும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. பாட்டு நன்றாகப் பழகிய பிறகு வாய் தானாக ஓடும், மனம் நாளைய டிபனுக்குப் போய்விடும். பாட்டு முடிந்தும் கடைசிச் சொல் நினைவுக்கு வரவில்லையென்றால் நீ அங்கே இல்லை என்று அர்த்தம். திரும்ப நாலு வரியையும் சொல்லாதே, கடைசி வரியை மட்டும் மெதுவாக ஒருமுறை சொல், போதும். அப்புறம், குளிக்கவில்லையே, புடவை மாற்றவில்லையே என்று நிறுத்தாதே. நடுராத்திரி உன் தம்பிக்குப் பால் கொடுத்தபடி, மேலெல்லாம் பால் வாசனையோடு நான் சொன்ன பாட்டுகள்தான் இன்றும் பிசகாமல் வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எந்தச் சொல்லில் நிற்கிறாய் என்று சொல். அடுத்த பாட்டை நான் எடுத்துக்கொடுக்கிறேன். பெரியவனுக்குச் சளி விட்டதா?

அம்மா